விளிம்பை நடுவுக்குக் கொண்டுவரும் வித்தை: துணிக்கும் கிஃப்ட் பேப்பருக்கும் டைல் வரைவது எப்படி

பூப்போட்ட நைட்டித் துணியோ ஜன்னல் திரையோ ஒன்றை விரித்துப் போட்டு, அதில் ஒரு பூவைத் தேர்ந்தெடுங்கள். அதன் காம்பு, பக்கத்து இலை, மேலே இருக்கும் மொட்டு எல்லாவற்றையும் மனத்தில் குறித்துக்கொண்டு, அதே பூ வலப்பக்கத்தில் மறுபடி எங்கே வருகிறது என்று தேடுங்கள். பிறகு கீழ்நோக்கித் தேடுங்கள். இரண்டு தூரங்களையும் ஸ்கேலால் அளந்தால் ஒரு செவ்வகத்தின் நீளமும் அகலமும் கிடைத்துவிடும். பத்து மீட்டர் துணியாக இருந்தாலும் அதில் இருப்பது அந்த ஒரே செவ்வகத்தின் நகல்கள்தான். அச்சுத் தொழிலில் அதை ரிப்பீட் என்பார்கள். கணினியில் வரைகிறவர்கள் டைல் என்கிறார்கள்.

இப்போது ஒரு கேள்வி. அந்தச் செவ்வகம் துணியில் எந்த இடத்தில் தொடங்குகிறது? நாம் பூவிலிருந்து அளந்தோம். மொட்டிலிருந்து அளந்திருந்தாலும் அதே நீளம், அதே அகலம்தான் வந்திருக்கும். இலையின் நுனியிலிருந்து தொடங்கினாலும் அப்படியே. சரியாக அமைந்த டைலுக்குத் தொடக்கப் புள்ளி என்று ஒன்று கிடையாது. எந்த இடத்தில் வேண்டுமானாலும் கோடு போட்டு அதே அளவில் வெட்டி எடுக்கலாம். அதை அடுக்கினால் அதே துணி வரும். இனிமேல் சொல்லப்போகும் முறை முழுவதும் இந்த ஓர் உண்மையை நம்பித்தான் நிற்கிறது.

கோடு ஏன் தெரிகிறது

ஒரு சதுரத் தாளில் செம்பருத்தி வரைகிறீர்கள். ஓர் இலை வலது விளிம்பைத் தாண்டிப் போகிறது. தாள் முடிந்ததால் இலை பாதியில் நிற்கிறது. இந்தத் தாளுக்கு வலப்பக்கத்தில் வரப்போவது இதே தாளின் நகல். அந்த நகலின் இடது விளிம்புதான் அறுபட்ட இலையோடு ஒட்டப்போகிறது. அங்கே இலையின் மீதிப் பாதி, அதே உயரத்தில், அதே தடிமனில், அதே நிறத்தில் காத்திருந்தால் இலை முழுமையாகும். இல்லாவிட்டால் மேலிருந்து கீழ்வரை ஒரு வெட்டுக் கோடு தெரியும்.

தாளைக் குழலாகச் சுருட்டிப் பார்த்தால் இது சட்டென்று விளங்கும். இடது விளிம்பும் வலது விளிம்பும் ஒன்றையொன்று தொட்டு ஒரே கோடாகிவிடும். மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் அதே உறவுதான். இன்னும் ஒரு படி போனால், நான்கு மூலைகளும் உண்மையில் ஒரே புள்ளி. மூலையில் ஒரு பூ வேண்டுமென்றால் அதன் கால் பாகம் ஒவ்வொரு மூலையிலும் இருக்க வேண்டும்.

இதைக் கண்ணளவில் வரைவது கடினம். இடது ஓரத்தில் அரை இலை, வலது ஓரத்தில் அரை இலை என்று பிரித்து வரைந்தால் கோட்டின் ஓட்டம் கெட்டுவிடும். எவ்வளவு கவனமாக அளந்தாலும் வளைவு இணைப்பில் ஒடிந்துதான் தெரியும். அதனால் விளிம்பில் வரைவதையே தவிர்த்துவிடுகிறோம். தொடக்கப் புள்ளி எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் அல்லவா? விளிம்பை நடுவுக்கு நகர்த்திக்கொண்டு அங்கே வரைகிறோம்.

தாளில் செய்து பார்ப்போம்

முதல் தடவை இதைக் கணினியில் செய்ய வேண்டாம் என்றுதான் சொல்வேன். கத்தியால் ஒரு தாளை வெட்டி மாற்றி ஒட்டிய கைக்கு, மென்பொருளில் அந்தக் கட்டளை என்ன செய்கிறது என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

ஏ4 அளவுள்ள சற்றுக் கனமான தாளிலிருந்து 8 அங்குலச் சதுரம் ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். மூலைகள் மூலைமட்டத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். இங்கே அரை மில்லிமீட்டர் சாய்ந்தாலும் கடைசியில் அது தெரியும். நடுவில், அதாவது நட்டநடுவிலிருந்து சற்றே விலகி, மூன்று அங்குல அகலத்தில் ஒரு செம்பருத்தி. அதைச் சுற்றி இரண்டு மொட்டு, நாலைந்து இலை. நான்கு ஓரங்களிலும் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் வெற்றிடம் விடுங்கள். வரைந்த எதுவும் விளிம்பைத் தொடக் கூடாது.

பின்பக்கத்தில் நான்கு மூலைகளுக்கும் 1, 2, 3, 4 என்று பென்சிலால் எண் போடுங்கள். பிறகு இரும்பு ஸ்கேல் வைத்து, 4 அங்குலத்தில் மேலிருந்து கீழாக வெட்டுங்கள். செம்பருத்தி இரண்டாகும், பரவாயில்லை. இடப்பாதியை வலப்பக்கமும் வலப்பாதியை இடப்பக்கமும் மாற்றி வைத்து, பின்பக்கத்தில் டேப் ஒட்டுங்கள். முன்பக்கம் ஒட்டினால் அதன்மேல் மை பிடிக்காது, ஸ்கேன் செய்யும்போது பளபளப்பும் விழும்.

தாளைத் திருப்பிப் பாருங்கள். சற்று முன்புவரை இடது, வலது ஓரங்களாக இருந்தவை நடுவில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, சுற்றிலும் வெற்றிடத்தோடு. அந்த இணைப்பைத் தாண்டித் தாராளமாக வரையுங்கள்: ஒரு மொட்டு, வளைந்து போகும் ஒரு கொடி, இரண்டு இலை. மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் மட்டும் இன்னும் தொடாதீர்கள்.

அடுத்து, குறுக்கே 4 அங்குலத்தில் வெட்டி மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் மாற்றி ஒட்டுங்கள். தொடக்கத்தில் நான்கு மூலைகளாக இருந்தவை இப்போது நட்டநடுவில் ஒன்றாகச் சந்திக்கின்றன. அங்கே இன்னொரு செம்பருத்தி போடலாம். முதல் பூ ஒரு பக்கம் பார்த்தால் இது வேறு பக்கம் பார்க்கட்டும்.

பல விளக்கங்கள் இந்த இடத்தில் நிறுத்திவிடுகின்றன. ஆனால் இன்னும் ஓர் இடத்துக்குக் கை போகவில்லை. முதல் தாளின் மேல் ஓரத்தின் நடுப்புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அது விளிம்பில் இருந்ததால் தொடவில்லை. முதல் மாற்றத்தில் அது பக்கவாட்டு மூலைக்குப் போனது. இரண்டாவது மாற்றத்துக்குப் பிறகு இடது, வலது ஓரங்களின் நடுவில் அரையரையாக நிற்கிறது, இப்போதும் விளிம்புதான். ஆக, எந்த நிலையிலும் அது நடுவுக்கு வரவே இல்லை. இதை அப்படியே விட்டுவிட்டால் துணியில் அந்த இடம் ஒரு வெற்றுக் குழியாக, ஒவ்வொரு 8 அங்குலத்துக்கும் ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். புதிதாக வரைகிறவர்களின் டைல்களில் தெரியும் வெள்ளைத் திட்டுகள் பெரும்பாலும் இப்படி உண்டானவைதான்.

தீர்வு எளிது. ஏற்கெனவே ஒட்டிய நெடுக்குவாட்டு இணைப்பிலேயே மறுபடி பிரித்து, இடவலமாக இன்னொரு முறை மாற்றி ஒட்டுங்கள். செம்பருத்தியின் இரண்டு பாதிகளும் மறுபடி பக்கத்தில் பக்கத்தில் வரும். விடுபட்ட புள்ளி நடுவுக்கு வந்துவிடும். அந்த இடத்தை ஓர் இலையாலோ சிறு மொட்டாலோ நிரப்புங்கள். இப்போது டைல் முடிந்தது.

அதையே கணினியில்

முடித்த தாளை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 8 அங்குலம் 2400 பிக்சலாகும். கைபேசியில் படம் எடுப்பதைவிட ஸ்கேனர் நல்லது. கேமரா லென்ஸ் விளிம்புகளைச் சற்றே வளைத்துவிடும். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்தை வெளிறச் செய்யும். இரண்டுமே பிறகு தலைவலி தரும். தாள் சாய்ந்து ஸ்கேன் ஆகியிருந்தால் முதலில் நேராக்கி, பிறகு சரியாக 2400-க்கு 2400 என்று வெட்டிக்கொள்ளுங்கள். தாளே இல்லாமல் நேராகக் கணினியில் வரைவதானாலும் இதே அளவில் தொடங்கலாம். எண் இரட்டைப்படையாக இருப்பது அவசியம், ஏனென்றால் அதைச் சரிபாதியாக நகர்த்தப்போகிறோம். 2401-க்குப் பாதி கிடையாது.

இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் மென்பொருளில் கத்தியும் டேப்பும் செய்த வேலையை `Layer > Transform > Offset` செய்யும். எக்ஸ் என்ற இடத்தில் 1200, ஒய் என்ற இடத்தில் 1200 கொடுத்து, `Wrap around` என்பதைத் தேர்ந்தெடுங்கள். வலப்பக்கம் வெளியே போவது இடப்பக்கம் உள்ளே வரும், கீழே போவது மேலே வரும். ஃபோட்டோஷாப்பில் இதே வேலைக்கு `Filter > Other > Offset` இருக்கிறது.

ஒரு முன்னெச்சரிக்கை. ஜிம்ப்பில் இந்தக் கட்டளை லேயரின் ஓரத்தைத்தான் விளிம்பாக எடுத்துக்கொள்ளும், படத்தின் ஓரத்தை அல்ல. லேயர் படத்தைவிடச் சிறிதாகவோ பெரிதாகவோ இருந்தால் எல்லாம் தவறான இடத்தில் போய் விழும். முதலில் `Layer to Image Size` கொடுத்துவிடுங்கள். பல லேயர்களில் வரைந்திருந்தால் எல்லாவற்றையும் ஒரே அளவில் நகர்த்த வேண்டும். பூ நகர்ந்து நிழல் பழைய இடத்திலேயே நிற்கும் டைல்கள் இந்தக் கவனக்குறைவால் வருபவை.

தாளில் மூன்று மாற்றங்களில் செய்ததைக் கணினியில் நான்கு நகர்த்தல்களாக நான் வைத்துக்கொள்வேன். முதலில் எக்ஸ் 1200, ஒய் 1200. மூலைகள் நடுவுக்கு வரும், நடுவில் வரையுங்கள். அடுத்து எக்ஸ் 1200, ஒய் 0. மேல் ஓரத்தின் நடுப்புள்ளி படத்தின் நடுவுக்கு வரும், நிரப்புங்கள். மூன்றாவதாக மறுபடி 1200, 1200. இப்போது பக்க ஓரத்தின் நடுப்புள்ளி. கடைசியாக 1200, 0 கொடுத்தால் படம் தொடங்கிய நிலைக்கே திரும்பிவிடும். ஒவ்வொரு நிலையிலும் நடுப்பகுதியில் மட்டும் வரைந்து, ஓரங்களைத் தொடாமல் இருந்தால், டைலில் கை படாத இடமே இருக்காது, அறுபட்ட கோடும் இருக்காது. முழு பிக்சல்களாக நகர்வதால் எத்தனை முறை நகர்த்தினாலும் படத்தின் தெளிவு குறையாது.

கிரிட்டா என்ற வரைகலை மென்பொருளில் `W` விசையை அழுத்தினால் டைல் நான்கு பக்கமும் அடுக்கப்பட்டுத் தெரியும். ஒரு நகலில் வரைந்தால் எல்லா நகல்களிலும் அது வரும். வசதியான ஏற்பாடு. நகர்த்தும் வேலையே இல்லை.

இணைந்ததா என்று பார்ப்பது

ஒரு டைலை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஜிம்ப்பில் `Filters > Map > Tile` கொடுத்து 7200-க்கு 7200 என்று விரித்தால் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது நகல்கள் கிடைக்கும். முதலில் நூறு சதவீத அளவில், இணைப்பு வரும் 2400-ஆவது பிக்சலுக்கு அருகில் பாருங்கள்.

மயிரிழை போல ஒரு வெளிர்கோடு ஓடினால், விளிம்பில் ஒரு வரிசை பிக்சல் அரைகுறையாக ஒளி ஊடுருவுவதாக இருக்கிறது என்று பொருள். டைலைச் சாய்த்து நேராக்கும்போதோ, அளவை மாற்றும்போதோ, முழு எண்ணாக வராத அளவில் ஏற்றுமதி செய்யும்போதோ இது நேரும். அடியில் திடமான பின்னணி நிறம் ஒன்றைப் போட்டு, அளவை முழு எண்ணாக்கி மறுபடி சேமித்தால் பெரும்பாலும் போய்விடும். சேமிக்கும்போது ஜேபெக் வேண்டாம். அது நிறங்களைச் சுருக்கும்போது ஓரங்களில் மெல்லிய அழுக்கு விடும். பிஎன்ஜி அல்லது டிஃப் போதும்.

கோடுகள் சரியாகச் சேர்ந்தும் சதுரம் சதுரமாகத் தெரிகிறதா? அது பின்னணியின் குற்றம். நீர்வண்ணத்தில் தீட்டிய பின்னணி ஒரு பக்கம் அடர்ந்தும் மறுபக்கம் வெளிறியும் இருந்தால், விளிம்பில் இரண்டும் சந்திக்கும் இடத்தில் படி போல ஒரு மாற்றம் தெரியும். இணைப்பை மட்டும் குளோன் கருவியால் பூசி மழுப்புவது உதவாது. படி மறைந்தாலும் தூரத்திலிருந்து பார்க்கும்போது பட்டை பட்டையாகத் தெரியும். பூக்களை மட்டும் வெட்டியெடுத்து ஒரே சீரான நிறத்தின்மேல் வைப்பதுதான் தொடக்கத்தில் பாதுகாப்பான வழி. மரக்கட்டை அச்சில் பின்னணி நிறத்துக்கென்று தனிக் கட்டை செதுக்கி, பூவை வேறு கட்டையால் பதிக்கும் வழக்கம் இருப்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

பிறகு படத்தை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி, கண்ணை இடுக்கிக்கொண்டு பாருங்கள். இந்தப் பார்வையில் விளிம்பு ஒரு பொருட்டே இல்லை. வேறு குறைகள் வெளியே வரும். ஒரே ஒரு பூ மற்றவற்றைவிட மிகப் பெரிதாகவோ சிவப்பாகவோ இருந்தால் அது மட்டும் புள்ளிவரிசையாகத் துணி முழுவதும் துள்ளித் தெரியும். வெற்றிடங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்துவிட்டால் செங்குத்தாக வாய்க்கால் ஓடுவது போல இருக்கும். நம் 8 அங்குல டைலில் இந்த வாய்க்கால் வருவதற்கு வாய்ப்பு அதிகம், ஏனென்றால் பெரிய பூக்கள் நடுப் பத்தியிலும் மூலைப் பத்தியிலும் மட்டுமே இருக்கின்றன. இரண்டு பத்திகளுக்கு இடையே நிரப்பியது சிறிய இலைகள். வாய்க்காலின் குறுக்கே ஒரு கொடியை இழுத்துவிட்டாலே பாதி சரியாகும். சிவப்பு துள்ளினால் அதே சிவப்பை மொட்டுகளிலும் கொஞ்சம் சிதறவிடுங்கள். என் அனுபவத்தில் இணைப்பைச் சரிசெய்ய ஆகும் நேரத்தைவிட இந்தச் சமனுக்கு ஆகும் நேரம் அதிகம். அவசரப்படக் கூடாத கட்டமும் இதுதான்.

பாதி இறக்கி அடுக்குவது

நகல்களை நேர்வரிசையில் அடுக்கியதால்தான் கண் வரிசையைப் பிடிக்கிறது. ஒவ்வொரு இரண்டாவது பத்தியையும் டைலின் பாதி உயரம் கீழே இறக்கி அடுக்கினால் பூக்கள் மூலைவிட்டமாக மாறி நிற்கும். துணி வடிவமைப்பில் இதற்கு ஹாஃப் டிராப் என்று பெயர். பூவேலைத் துணிகளில் இது மிகவும் சாதாரணம்.

ஆனால் நேர்வரிசைக்காக முடித்த டைலை அப்படியே எடுத்துப் பாதி இறக்கினால் பக்க இணைப்புகள் எல்லாம் அறுந்துவிடும். வலது ஓரத்தில் மேலே முடியும் இலை இப்போது நகலின் இடது ஓரத்தில் வேறோர் உயரத்தைச் சந்திக்கிறது. அதனால் இதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும். எளிய வழி இது: ஓரங்களைத் தொடாத முதல் கட்டத்துப் படத்தை, அதாவது நடுவில் செம்பருத்தி மட்டும் இருக்கும் 2400 சதுரத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு நகல் எடுத்து எக்ஸ் 0, ஒய் 1200 என்று நகர்த்துங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 4800 அகலம், 2400 உயரத்தில் ஒரு புதிய டைல் கிடைக்கும். இந்தப் பெரிய டைல் நேர்வரிசையிலேயே அடுக்கப்படும். பாதி இறக்கம் அதற்கு உள்ளேயே அடங்கிவிட்டது. இனி வெற்றிடங்களை நிரப்பும் வேலை முன்பு போலத்தான், அகலத்துக்கு மட்டும் 1200-க்குப் பதிலாக 2400 நகர்த்த வேண்டும். இரண்டு பூக்களுக்கும் சுற்றியுள்ள இலைகளை வேறுவேறாகப் போட முடிவது கூடுதல் லாபம்; ஒரே பூ திரும்ப வருகிறது என்று கண் கண்டுபிடிக்க இன்னும் நேரமாகும்.

அச்சகத்துக்குப் போகும் முன்

கிஃப்ட் பேப்பரைத் தனித்தனித் தாளாக அச்சிட்டால் அளவு பற்றிக் கவலை குறைவு. 20-க்கு 30 அங்குலத் தாளில் நம் 8 அங்குல டைல் அகலத்தில் இரண்டரை முறை வரும்; தாளின் ஓரத்தில் பூ அறுபடுவது அங்கே இயல்பானது. டிஜிட்டல் அச்சில் துணிக்கும் அப்படித்தான், எந்த அளவு டைலையும் இயந்திரம் ஏற்றுக்கொள்ளும்.

திருப்பூர், ஈரோடு பக்கத்து ஆலைகளில் ஓடும் ரோட்டரி அச்சு வேறு கதை. அங்கே வண்ணம் ஓர் உருளைத் திரையின் துளைகள் வழியாகத் துணியில் இறங்குகிறது. பரவலாகப் பயன்படும் உருளையின் சுற்றளவு 64 செ.மீ. உருளை ஒரு சுற்று முடித்ததும் படம் தொடங்கிய இடத்துக்கே வருவதால், டைலின் உயரம் 64-ஐ மீதியின்றி வகுக்க வேண்டும்: 64, 32, 21.33 அல்லது 16 செ.மீ. நம் 8 அங்குலம் 20.32 செ.மீ.; மூன்று டைல் சேர்ந்தால் 60.96 செ.மீ. ஆகும், மூன்று செ.மீ.க்கு மேல் மிச்சம் விழும். ஆகவே டைலை ஏறத்தாழ 5 சதவீதம் பெரிதாக்கி 21.33 செ.மீ. ஆக்க வேண்டும். 300 டிபிஐயில் அது 2520 பிக்சல், இதுவும் இரட்டைப்படை எண். அளவை மாற்றிய பிறகு மறுபடி ஒருமுறை 1260, 1260 என்று நகர்த்தி நடு இணைப்பை நூறு சதவீத அளவில் பாருங்கள். பெரிதாக்கும்போது விளிம்பு பிக்சல்கள் மங்கியிருந்தால் அங்கேதான் தெரியும். வரையத் தொடங்கும் முன்பே அச்சகத்தாரிடம் உருளை அளவைக் கேட்டுக்கொண்டால், 2520 சதுரத்திலேயே தொடங்கி இந்தப் பெரிதாக்கும் வேலையைத் தவிர்த்துவிடலாம்.